கவிதை நயம் பாராட்டல்: ஆறு பாடவேளையில் ஓர் அலகு, கடைசியில் 20 மதிப்பெண். எப்படித் திட்டமிடலாம்?

வெண்பலகை

எல்லோருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புத் தமிழில் நயம் பாராட்டலுக்கென்று ஆறு பாடவேளை ஒதுக்கியிருக்கிறேன். ஒவ்வொன்றும் 40 நிமிடம். ஆறாவது பாடவேளையில் 20 மதிப்பெண்ணுக்கு ஒரு மதிப்பீடு.

என் கவலை இதுதான். எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் பிள்ளைகள் திரண்ட கருத்து, மையக்கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சந்தம் என்று தலைப்புகளை வரிசையாகப் போட்டுவிடுகிறார்கள். மோனைக்குக் கீழே "காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை", எதுகைக்குக் கீழே "மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை". பாட்டின் பெயரை மாற்றினால் போதும், அதே விடை எல்லாவற்றுக்கும் பொருந்தும். பாட்டைப் படித்தார்களா என்பதே தெரியவில்லை.

புறநானூறு 112-ஐ எடுக்கலாம் என்று நினைக்கிறேன்:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

வழிகாட்டும் வினாக்களை எப்படி அமைப்பது? விடையை எதை வைத்து மதிப்பிடுவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழையஏடு

நல்ல தேர்வு. ஆனால் முதலில் கதையைச் சொல்லிவிடுங்கள். பாரி யார், பறம்பு மலை எது, மூவேந்தரும் ஏன் முற்றுகையிட்டார்கள் என்று தெரியாமல் பிள்ளைக்கு "எம் குன்று" என்பதில் என்ன உணர்வு வரும்? பாடியவர்கள் பாரியின் மகளிர், திணை பொதுவியல், துறை கையறுநிலை. இவ்வளவையும் சொல்லி, அடி அடியாக உரை கொடுத்து, அதற்கப்புறம் வினாவுக்குப் போவதுதான் முறை. சங்கப் பாட்டை உரை இல்லாமல் பிள்ளைகள் கையில் கொடுத்தால் மிரண்டு போவார்கள்.

---

தேன்சிட்டு

என் மகள் எட்டாம் வகுப்பு. நன்றாகக் கவிதை எழுதுவாள். பள்ளியில் 'மழை' பற்றி எழுதியதற்குப் பத்துக்கு ஆறுதான் கொடுத்தார்கள், ஏன் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் எழுதும் கவிதைக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்பதையும் இந்த அலகில் சேர்த்தால் நல்லது.

---

கரும்பலகைக்காரி

வெண்பலகை, இந்தப் பாடலை நான் பல ஆண்டுகளாக வகுப்பில் எடுத்து வருகிறேன். ஐந்தே அடி. பாதிச் சொற்கள் இன்றைய பிள்ளைக்கும் தெரிந்தவை.

பழையஏடு ஐயா சொல்வதில் சொற்பொருளைப் பற்றிய பகுதி முழுக்கச் சரி. சொல் புரியாமல் நயம் இல்லை. குறிப்பாகத் திங்கள். ஒருவன் நிச்சயம் "அந்தத் திங்கட்கிழமை" என்று படிப்பான், இன்னொருத்தி நிலா என்று எடுத்துக்கொள்வாள். இங்கே அது மாதம். எந்தை என்றால் எம் தந்தை, உடையேம் என்றால் உடையவராக இருந்தோம், கொளார் என்றால் கொள்ளவில்லை, எறிமுரசு என்றால் அறையப்படும் முரசு, இலம் என்றால் இல்லாதவர் ஆனோம். இந்த ஆறையும் பலகையில் எழுதிவிடுங்கள், போதும்.

கதையை மட்டும் மூன்றாம் பாடவேளை வரை தள்ளிப்போடச் சொல்வேன். முதலிலேயே கதை தெரிந்துவிட்டால் பிள்ளைகள் கதையைத்தான் எழுதுவார்கள். "பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தவன்" என்று விடை தொடங்கும். பாட்டில் முல்லையும் இல்லை, தேரும் இல்லை.

முதல் பாடவேளையில் பாட்டைத் தாளில் கொடுப்பதற்கு முன்பே இரண்டு முறை வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். பிறகு தாளைக் கொடுத்து ஒரே ஒரு வேலை சொல்லுங்கள்: திரும்பி வருவதை ஒரு நிறத்தில் அடிக்கோடிடு, மாறியதை இன்னொரு நிறத்தில். திங்கள், வெண்ணிலவு, எந்தை, குன்று என்று திரும்பி வருபவை சீக்கிரமே அகப்பட்டுவிடும். மாறியவை அற்றை இற்றை ஆனது, அவ் இவ் ஆனது, உடையேம் இலமே ஆனது, கொளார் கொண்டார் ஆனது. அதற்கு மேல் கொஞ்சம் காத்திருங்கள், நீங்களாக எதையும் சொல்ல வேண்டாம். யாராவது ஒருவர் வரிசையைப் பார்த்துவிடுவார்கள். முதலில் தந்தை, பிறகு குன்று என்று இருந்தது, இரண்டாம் முறை குன்று முன்னால் வந்து தந்தை கடைசிக்குப் போய்விட்டார். முதல் நாளுக்கு இவ்வளவு போதும்.

இரண்டாம் பாடவேளையில் நான் கொடுக்கும் நான்கு வினாக்கள் இவை:

முதல் மாதத்திலும் இந்த மாதத்திலும் மாறாமல் இருப்பது எது? அது மாறாமல் இருப்பது ஏன் உறுத்துகிறது?

தந்தை முதலில் வந்தார், பிறகு கடைசியில் வருகிறார். இடம் மாறியதால் படிக்கும்போது என்ன மாறுகிறது?

அழுகை, துயரம், கண்ணீர் என்று ஒரு சொல் கூட இல்லை. பிறகு சோகம் எங்கிருந்து வருகிறது? ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டு.

தங்கள் குன்றைப் பறித்தவர்களை "வென்றெறி முரசின் வேந்தர்" என்று ஏன் சொல்ல வேண்டும்? வெறுமனே வேந்தர் என்றால் என்ன குறையும்?

"கவிஞர் என்ன சொல்கிறார்?" என்ற வினாவை வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. அதைக் கேட்டால் வருவது பொழிப்புரை. இந்த நான்கும் தாளில் இருக்கும் ஒன்றைக் காட்டிவிட்டு, அது என்ன செய்கிறது என்று கேட்கின்றன.

தேன்சிட்டு அம்மா, உங்கள் மகளின் வருத்தம் புரிகிறது. ஆனால் இங்கே பேச்சு கவிதை எழுதுவதைப் பற்றியது இல்லை, படித்துச் சுவைப்பதைப் பற்றியது. எழுதிய கவிதைக்கான மதிப்பீடு வேறு மாதிரி இருக்கும். தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசலாம்.

---

வாரஇறுதி_வகுப்பு

நான் வாரத்தில் ஒரு நாள் மட்டும் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். பிள்ளைகளுக்கு 14, 15 வயது. தமிழ் பேசுவார்கள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். 'இற்றை'யைத் தாண்டவே பத்து நிமிடம் ஆகும். என்னைப் போன்றவர்கள் சங்கப் பாடலை விட்டுவிட்டுப் புதுக்கவிதையோடு நிறுத்திக்கொள்வது நல்லதா?

---

பழையஏடு

கரும்பலகைக்காரி அம்மா, ஒன்று கேட்கிறேன். கதை தெரியாமல் நான்காம் வினாவுக்கு எப்படி விடை வரும்? பாரியை நேர்ப்போரில் வெல்ல முடியாமல் சூழ்ச்சியால் கொன்றார்கள் என்று தெரிந்தால்தான் "வென்றெறி முரசு" குத்தலாகக் கேட்கும். தெரியாத பிள்ளை, வேந்தர்களைப் புகழ்வதாகவே எடுத்துக்கொள்ளும்.

---

கரும்பலகைக்காரி

அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். அந்தப் பிழையான வாசிப்பு எனக்கு வேண்டும், ஐயா. இரண்டாம் நாள் "பகைவனின் வீரத்தையும் ஒப்புக்கொள்கிறார்கள்" என்று எழுதிய பிள்ளை, மூன்றாம் நாள் கதையைக் கேட்டதும் தானே தன் விடையை அடித்துவிட்டுத் திருத்தும். ஒரு தகவல் வந்ததும் ஒரு சொல்லின் தொனி புரண்டு போவதைக் கண்ணால் பார்க்கிறார்கள். முதலிலேயே சொல்லிவிட்டால் அதை நம்மிடமிருந்து வாங்கி எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். இதில் நீங்களும் நானும் ஒத்துப்போக மாட்டோம் என்றுதான் நினைக்கிறேன், பரவாயில்லை.

வாரஇறுதி_வகுப்பு, விட்டுவிட வேண்டாம். படிக்கவைப்பதைத்தான் விடுங்கள். நீங்கள் வாசியுங்கள், அவர்கள் கேட்கட்டும். 'அற்றை இற்றை', 'அவ் இவ்' இரண்டும் கண்ணை விடக் காதுக்குத்தான் முதலில் எட்டும். அ இருந்த இடத்தில் இ வந்துவிட்டது, மீதி ஓசை அப்படியே இருக்கிறது. அந்த மாதம் இந்த மாதம் ஆனதற்குள் வாழ்க்கையே போய்விட்டது, ஆனால் ஓசையில் மாறியது முதல் எழுத்து மட்டும். இதை எழுத்துக்கூட்டும் பிள்ளையும் பிடித்துக்கொள்ளும். விடையை வாயால் சொல்லட்டும், நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

வெண்பலகைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. எதுகையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அற்றை, இற்றை இரண்டும் எதுகைதான். "எதுகை நயம் அமைந்துள்ளது" என்று விட்டால் மதிப்பெண் இல்லை. "எதுகை இரண்டு மாதங்களையும் ஒரே மாதிரி ஒலிக்கவைக்கிறது, அதனால் மாறிப்போனது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது" என்றால் உண்டு.

---

எழுத்தாணி

நான் தேர்வுத்தாள் திருத்தும் பக்கத்திலிருந்து பேசுகிறேன். இதெல்லாம் வகுப்பில் கேட்க அழகாக இருக்கிறது. "என்ன மாறுகிறது", "எங்கிருந்து வருகிறது" என்றெல்லாம் கேட்டு வரும் விடைக்கு இரண்டு பேர் திருத்தினால் ஒரே மதிப்பெண் வருமா? மோனைக்கு 2, எதுகைக்கு 2 என்று பிரித்தால் யார் திருத்தினாலும் ஒன்றுதான். உணர்வுக்கு மதிப்பெண் கொடுப்பது எனக்கு உடன்பாடு இல்லை.

---

வெண்பலகை

எனக்கும் அதே பயம்தான். இன்னொன்றும் கேட்க வேண்டும். இரண்டாம் பாடவேளையை நேற்று நடத்திவிட்டேன். நான்கு வினாவையும் கொடுத்தேன். விடைகள் முன்பைவிட நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் எல்லாம் ஒரே அச்சு! முதல் வாக்கியம் நிலா, இரண்டாவது தந்தை கடைசியில், மூன்றாவது 'இலமே', நான்காவது முரசு. பழைய வாய்பாட்டை எடுத்துவிட்டுப் புது வாய்பாட்டைக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

---

கரும்பலகைக்காரி

அது எல்லா வகுப்பிலும் நடக்கும். பத்துத் தாளை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரிசையும் ஒன்று, எடுத்துக்காட்டும் ஒன்று என்றால் பிள்ளைகள் பாட்டுக்கு விடை எழுதவில்லை, வினாத்தாளுக்கு எழுதியிருக்கிறார்கள். வினாக்களைப் படிப்படியாகப் பறித்தால்தான் இது சரியாகும்.

மூன்றாம் பாடவேளையில் கதையைச் சொன்ன பிறகு, நான்கில் எவையேனும் இரண்டை மட்டும் எடுத்து ஒரே பத்தியாக எழுதச் சொல்லுங்கள். எது முதலில் வர வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். இந்த நேரத்தில்தான் ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பேச வேண்டும். என் வகுப்பில் ஒரு பெண் இப்படித் தொடங்கினாள்: "தந்தையை இழந்த துயரத்தைக் கவிஞர் மிக அழகாகக் கூறியுள்ளார்." எந்தச் சொல்லில் அந்தத் துயரம் இருக்கிறது என்று கேட்டேன். "இலமே" என்றாள். அது ஏன் கடைசியில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது எழுதியிருந்தது இது: "குன்று போனதை முதலில் சொல்லிவிடுகிறார்கள். தந்தை இல்லை என்பதைச் சொல்ல மனம் வராமல் தள்ளிப் போட்டது போல் இருக்கிறது. கடைசிச் சொல் இலமே. அதற்கு மேல் பாட்டும் இல்லை." நான் கொடுத்தது அந்த இரண்டு கேள்விகளை மட்டும்தான். எந்தச் சொல், ஏன் அங்கே. வழிகாட்டுவது இதைத் தாண்டிப் போனால் விடையை நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

நான்காம் பாடவேளையில் பெயர் மறைத்த மூன்று விடைகளைக் கொடுத்து, எது மேல், ஏன் என்று குழுவாகத் தரம் பிரிக்கச் சொல்லுங்கள். மதிப்பீட்டு அளவுகோலைப் பலகையில் அப்போதுதான் எழுத வேண்டும். ஐந்தாவதில் பாடநூலிலுள்ள ஒரு புதுக்கவிதை, ஒரே ஒரு வினாவோடு: "உன்னை நிறுத்திய இடம் எது, ஏன்?" ஆறாவதில் பார்க்காத பாடல்.

எழுத்தாணி ஐயா, உணர்வுக்கு நானும் மதிப்பெண் கொடுப்பதில்லை. "எனக்கு அழுகை வந்தது" என்றால் சுழியம்தான். சொல்லிலிருந்து அந்த உணர்வுக்குப் போன பாதையைக் காட்டினால்தான் மதிப்பெண். என் பகிர்வு இப்படி: கவனிப்புக்கு 6, விளக்கத்துக்கு 10, எழுத்து நடைக்கு 4. கவனிப்பு என்றால் பாட்டிலிருந்து எடுத்துக்காட்டிய குறிப்பான இடங்கள். மூன்று இடம், இடத்துக்கு 2. இதை யார் எண்ணினாலும் ஒன்றுதான். விளக்கத்தில் பொதுப் பாராட்டு மட்டும் இருந்தால் 3-க்கு மேல் போகாது. உத்தியின் பெயரும் பாட்டின் பொருளும் தனித்தனியே நின்றால் 4 முதல் 6. இந்தச் சொல்லால் இந்த விளைவு என்று இரண்டையும் கோத்திருந்தால் 7, 8. ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு சேர்த்துப் பாட்டு முழுவதையும் பார்த்திருந்தால் 9, 10.

---

எழுத்தாணி

சரி, சோதித்துப் பார்ப்போம். ஒரு பாட்டும் ஒரு பிள்ளையின் விடையும் போடுங்கள். நான் தனியாகத் திருத்திச் சொல்கிறேன்.

---

கரும்பலகைக்காரி

ஆறாம் பாடவேளைக்கு நான் வைப்பது குறுந்தொகை 3. குறுந்தொகை 40, அந்தச் செம்புலப் பெயல்நீர்ப் பாட்டு, வேண்டாம். எங்கு பார்த்தாலும் அது இருப்பதால் பிள்ளைகள் கேட்டதையே எழுதுவார்கள்.

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே

கூடவே ஒரு வரி: பேசுபவள் ஒரு பெண், தான் விரும்பும் மலைநாட்டவனைப் பற்றிச் சொல்கிறாள். சொற்பொருள் ஐந்து கொடுப்பேன்: உயர்ந்தன்று, ஆரளவின்று, சாரல், கருங்கோல், இழைக்கும். 'உயர்ந்தன்று' என்பதை 'உயரவில்லை' என்று படித்துப் பொருளையே தலைகீழாக்கிவிடுவார்கள், அதனால் அதை விடவே கூடாது. உயர்ந்தது என்று எழுதிவிடுங்கள்.

ஒரு விடை:

"நிலம், வானம், நீர் மூன்றும் மிகப் பெரியவை. அவற்றைவிடத் தன் அன்பு பெரிது என்கிறாள். பெரியதை எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் சின்னப் பூவையும் தேனையும் சொல்கிறாள். பூவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தேன் சேர்வது போல இந்த அன்பும் சேர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. நட்பு என்ற சொல் கடைசியில் வருவதால் எது பெரிது என்று தெரியக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இப்பாடலில் எதுகை நயம் சிறப்பாக அமைந்துள்ளது."

---

எழுத்தாணி

கவனிப்பு 6. மூன்று பெரியவை, பூவும் தேனும், கடைசிச் சொல் என்று மூன்று இடம் இருக்கிறது. நடை 3. விளக்கத்துக்கு 6. "தேன் சேர்வது போல" என்று பாட்டில் எங்கே இருக்கிறது? உவம உருபு எதுவும் இல்லை. தேன் அவன் நாட்டைப் பற்றிய வருணனை. பிள்ளை தன் கற்பனையைப் பாட்டின் மேல் ஏற்றியிருக்கிறான். மொத்தம் 15.

---

கரும்பலகைக்காரி

நான் 6, 8, 3 போட்டிருந்தேன். மொத்தம் 17. உவம உருபு இல்லை என்பது உண்மை. ஆனால் சங்கப் பாட்டில் நாட்டின் வருணனை சும்மா வந்து நிற்பதில்லை. மனத்தில் இருப்பதை நிலத்தின் மேல் வைத்துச் சொல்வது அந்த மரபில் இயல்பு. பிள்ளைக்கு உள்ளுறை என்ற பெயர் தெரியாது, ஆனால் அது வேலை செய்வதைப் பார்த்துவிட்டான். "எனக்குத் தோன்றுகிறது" என்று அடக்கமாகவும் சொல்லியிருக்கிறான். 'இழைக்கும்' என்ற சொல்லைக் காட்டி, சிறிது சிறிதாகச் செய்வது என்ற பொருளோடு கோத்திருந்தால் 9 கொடுத்திருப்பேன். காட்டவில்லை, அதனால் 8.

எதுகை வாக்கியத்துக்கு நாம் இரண்டு பேருமே எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் பாருங்கள், எதுகை அங்கே உண்மையிலேயே இருக்கிறது! கருங்கோல், பெருந்தேன். கரிய கொம்பையும் பெரிய தேனடையையும் ஓசை ஒன்றாகக் கட்டுகிறது. அதை எடுத்து எழுதியிருந்தால் தேனைப் பற்றி அவன் சொன்னதற்குப் பாட்டிலிருந்தே சான்று கிடைத்திருக்கும். திருப்பிக் கொடுக்கும் தாளில் நான் எழுதியது: "எதுகை எங்கே? கண்டுபிடித்து, உன் தேன் வாக்கியத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்."

---

எழுத்தாணி

எதுகையைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். வாய்பாட்டு வாக்கியத்துக்குக் கழிக்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். ஆனால் உள்ளுறை நடத்தாத வகுப்பில் உள்ளுறை வாசிப்புக்கு 8 என்பதை இன்னும் ஏற்க முடியவில்லை. அடுத்த பிள்ளை "குறிஞ்சிப் பூ அரிதாகப் பூக்கும், அதனால் இந்த அன்பும் அரிது" என்று எழுதுவான். பூ அரிது என்று பாட்டில் இல்லை. அதற்கும் 8 தானா?

---

கரும்பலகைக்காரி

அதற்கு 6. அது பொது அறிவிலிருந்து கொண்டுவந்தது, பாட்டிலிருந்து எடுத்தது இல்லை. நல்ல எண்ணம்தான், சான்று வெளியில் இருக்கிறது. ஆனால் இந்த எல்லைக்கோட்டில் திருத்துபவர்கள் வேறுபடுவார்கள் என்பதையும் மறுக்கவில்லை. வெண்பலகை, உங்கள் பள்ளியில் இன்னொரு தமிழாசிரியர் இருந்தால் முதலில் ஐந்து தாளை இருவரும் தனித்தனியே திருத்துங்கள். விளக்கத்தில் 2-க்கு மேல் வித்தியாசம் வந்தால், மீதித் தாளைத் தொடுவதற்கு முன் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

---

வாரஇறுதி_வகுப்பு

இன்று 112-ஐ வாசித்துக் காட்டினேன். தாள் கொடுக்கவில்லை. ஒரு பையன், "நாலாவது வரி சின்னதாக இருக்கிறது, மூச்சு வாங்குவது போல" என்றான். எண்ணிப் பார்த்தேன், மற்ற அடிகளில் நான்கு சீர், அதில் மட்டும் மூன்று. இதைக் கவனிப்பில் சேர்க்கலாமா? ஆசிரியப்பாவில் கடைசிக்கு முந்தைய அடி அப்படித்தான் வரும் என்று பழையஏடு ஐயா சொல்வார் என்று தெரியும்.

---

பழையஏடு

சொல்லத்தான் போகிறேன். நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணம் அது. குறுந்தொகைப் பாட்டிலும் "கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு" மூன்று சீர்தான். ஆகவே இந்தப் பாட்டுக்கென்று பாரி மகளிர் செய்ததாகச் சொல்ல முடியாது. ஆனாலும் காதால் கேட்டே அதைப் பிடித்த பையனுக்கு நான் முழு 2 மதிப்பெண் கொடுப்பேன். "வேந்தர்எம்" என்று அடி அறுபட்டு "குன்றும்" அடுத்த அடிக்குப் போவதையும் அவனிடம் காட்டுங்கள், என்ன சொல்கிறான் பார்ப்போம்.

---

வெண்பலகை

எல்லோருக்கும் நன்றி. நாளை மூன்றாம் பாடவேளை. கதையைச் சொல்லிவிட்டு, முரசு வினாவின் பழைய விடையைத் திருத்தச் சொல்லப் போகிறேன். ஒரே ஒரு கேள்வி மீதி இருக்கிறது. ஆறாவது நாள் தேர்வுத்தாளில் வழிகாட்டும் வினா கொடுக்கலாமா, இல்லை வெறும் "நயம் பாராட்டுக" தானா?

---

கரும்பலகைக்காரி

வெறும் "நயம் பாராட்டுக" என்றால் பழைய தலைப்புகள் கை பழக்கத்தில் திரும்பி வந்துவிடும். "இப்பாடலில் உங்களை நிறுத்திய மூன்று இடங்களைக் காட்டி, அவை பாடலுக்கு என்ன செய்கின்றன என்று எழுதுக" என்று ஒரே வாக்கியம் போடுங்கள். முதல் பத்து நிமிடம் பேனாவைத் தொடாமல் படிக்க மட்டும் விடுங்கள், 25 நிமிடம் எழுதட்டும், மீதி 5 நிமிடம் திருத்திக்கொள்ள. எழுதத் தெரியாமல் திணறும் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் "எந்தச் சொல், ஏன் அங்கே" என்ற சீட்டைக் கொடுங்கள். கொடுத்ததைத் தாளின் ஓரத்தில் குறித்துவையுங்கள், மதிப்பெண்ணில் கழிக்க வேண்டாம்.

---

எழுத்தாணி

சீட்டுக் கொடுத்தால் கழிக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. அந்த ஐந்து தாளையும் பெயரை மறைத்து இங்கே போடுங்கள், வெண்பலகை. நானும் திருத்துகிறேன்.